பழைய கம்பெனியில் தங்கிவிட்ட பிஎஃப்: கணக்குப் பிரிவிடம் எதை, எந்த வரிசையில் கேட்பது?

நான் பல வருஷம் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் சம்பளமும் பிஎஃப்பும் பார்த்தவன். வேலையை விட்டுப் போனவர்களின் மெயில்கள் தினமும் வரும். "என் பிஎஃப்-ஐ டிரான்ஸ்ஃபர் செய்து தரவும்" என்று ஒற்றை வரியில் வருபவைதான் அதிகம். அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கே தெரியாது. ஏன் தெரியாது என்பது கீழே வரும் பதில்களில் புரியும்.

பழைய கம்பெனியைக் கேட்காமலே பிஎஃப்-ஐ மாத்த முடியாதா?

நிறைய பேருக்கு முடியும். 2025 ஜனவரியில் இபிஎஃப்ஓ விதியைத் தளர்த்தியது. இரண்டு வேலைக்கும் ஒரே யுஏஎன் இருந்து, அது ஆதாரோடு இணைந்திருந்தால், பெரும்பாலும் எந்த முதலாளியின் ஒப்புதலும் இல்லாமல் விண்ணப்பம் நேரே இபிஎஃப்ஓ அலுவலகத்துக்குப் போய்விடும். யுஏஎன் 2017 அக்டோபர் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால் ஒரு நிபந்தனை உண்டு. பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒப்புதல் தேவையில்லை என்பதால் கம்பெனியே தேவையில்லை என்று ஆகிவிடாது. நீங்கள் வேலையை விட்ட தேதி, கடைசி மாதப் பணம், பழைய பதிவில் உள்ள பிழைகள் ஆகியவை இன்னமும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. கம்பெனி சொந்தமாக பிஎஃப் டிரஸ்ட் நடத்தினால் உங்கள் பணமே அவர்களிடம்தான் இருக்கும்.

மெயில் போடுறதுக்கு முன்னாடி நான் என்ன பார்த்து வைக்கணும்?

இரண்டே இடம். முதலில் இபிஎஃப்ஓவின் உறுப்பினர் தளத்தில் View → Service History. அங்கே பழைய கம்பெனிக்கு எதிரே வெளியேறிய தேதி இருக்கிறதா, இருந்தால் அது சரியான தேதிதானா என்று பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், இபிஎஃப்ஓ கணக்கில் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து பாஸ்புக். யுஏஎன் ஒன்றே என்றாலும் உறுப்பினர் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; பழைய உறுப்பினர் எண்ணின் பாஸ்புக்கைத் திறந்து கடைசி வரி எந்த மாதத்துக்கு என்று பாருங்கள். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டில்மென்ட்டில் பிஎஃப் பிடித்திருக்கிறார்கள், ஆனால் அந்த மாதத்துக்குப் பாஸ்புக்கில் வரி இல்லை என்றால், கேட்க வேண்டிய முதல் விஷயம் அந்தப் பணம்தான்.

எக்ஸிட் தேதியை நாமே போட்டுக்கலாம்னு சொல்றாங்களே. அப்புறம் எதுக்கு அவங்ககிட்ட கெஞ்சணும்?

போடலாம். கடைசி பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு, Manage → Mark Exit-இல் ஆதார் ஓடிபி மூலம் நீங்களே பதியலாம். கம்பெனி பதிலே சொல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி. இதில் இரண்டு கட்டுப்பாடு இருக்கிறது. நீங்கள் போடும் தேதி, கடைசியாகப் பணம் வந்த மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு முறை போட்டுவிட்டால் அதே இடத்தில் மறுபடி திருத்த முடியாது. அவசரப்பட்டால் எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதற்கு, எங்களிடம் வந்த ஒரு கணக்கையே சொல்கிறேன்.

ஒரு பெண் 2016 ஜூன் முதல் 2024 நவம்பர் 12 வரை எங்களிடம் வேலை பார்த்தார். நவம்பர் 18-இல் புது வேலையில் சேர்ந்துவிட்டார். ராஜினாமா கொடுத்தவர்களின் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்து, பிறகு செட்டில்மென்ட்டோடு சேர்த்துத் தருவது பல கம்பெனிகளின் வழக்கம். இவருடையதும் அப்படித்தான் நின்றது. நவம்பர் மாதத்துக்கான பிஎஃப் கணக்கை, அதாவது ஈசிஆர் என்ற மாதாந்தர ரிட்டர்னை, டிசம்பர் 15-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். செய்தோம். நிறுத்தி வைத்த சம்பளம் என்பதால் அந்தக் கோப்பில் இவர் பெயர் இல்லை. செட்டில்மென்ட் ஜனவரியில் முடிந்தது. அதில் 12 நாள் சம்பளத்துக்கு பிஎஃப் பிடித்தோம். ரிட்டர்ன் எப்போதோ போய்விட்டதால், பிடித்த பணம் கம்பெனியிலேயே தங்கிவிட்டது. யாரும் திருடவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

தொகையைப் பாருங்கள். அவருடைய பிஎஃப் சம்பளம் மாதம் 15,000 ரூபாய். முழு மாதம் என்றால் அவர் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. கம்பெனியும் அதே 1,800 போடும், ஆனால் அதில் 1,250 பென்ஷனுக்குப் போய் மீதி 550 மட்டும் பிஎஃப்பில் சேரும். நவம்பரில் 12 நாளுக்குச் சம்பளம் 6,000. அவர் பங்கு 720, கம்பெனி பங்கில் பென்ஷனுக்கு 500, பிஎஃப்புக்கு 220. ஆக வர வேண்டியது 1,440 ரூபாய். பாஸ்புக்கோ அக்டோபரோடு நின்றிருந்தது.

ஜனவரி கடைசியில் அவர் தானே எக்ஸிட் போடப் பார்த்திருக்கிறார். கடைசிப் பணம் அக்டோபருக்கானது என்பதால் தளம் அக்டோபர் தேதியைத்தான் ஏற்கும். போட்டிருந்தால் பிஎஃப் பதிவில் 12 நாள் சேவை காணாமல் போயிருக்கும். எங்களிடம் இருக்கும் ரிலீவிங் கடிதத்தில் நவம்பர் 12, இபிஎஃப்ஓவில் அக்டோபர் 31. அதற்கப்புறம் நாங்கள் நவம்பர் பணத்தைக் கட்டப் போனால், அக்டோபரிலேயே வெளியேறிய ஒருவருக்கு நவம்பர் பங்களிப்பா என்று அந்தப் பெயரில் கோப்பு நின்றுவிடும். தேதியைத் திருத்த வேண்டும், அதற்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம், அதற்கு மறுபடி நாங்கள். நல்ல வேளையாக அவர் போடுவதற்கு முன் மெயில் அனுப்பினார்.

நாங்கள் செய்தது மூன்று வேலை. அவர் ஒருவருக்காக நவம்பர் மாதத்துக்கு ஒரு துணை ரிட்டர்ன் போட்டு 1,440 ரூபாயையும் தாமதத்துக்கான வட்டியையும் கட்டினோம். பாஸ்புக்கில் நவம்பர் வரி வந்த பிறகு எக்ஸிட் தேதியை 12-11-2024 என்று பதிந்தோம். அதன் பிறகுதான் அவரை டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போடச் சொன்னோம். முதலில் பணம், அடுத்து தேதி, கடைசியில் டிரான்ஸ்ஃபர். இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு படியிலும் திரும்பி வர வேண்டியிருக்கும்.

720 ரூபாய்க்காக இவ்வளவு அலையணுமா? விட்டுட்டா என்ன ஆகும்?

டிரான்ஸ்ஃபர் முடிந்த பிறகு கம்பெனி அந்தப் பணத்தைக் கட்டினால், அது பழைய உறுப்பினர் எண்ணிலேயே போய் உட்காரும். தானாகப் புதிய எண்ணுக்கு வராது. அந்தச் சின்னத் தொகைக்கு இன்னொரு டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போட வேண்டும். பத்து வருஷம் கழித்துப் பழைய பாஸ்புக்கில் எழுநூறு சொச்சம் ரூபாய் கிடப்பதைப் பார்த்து அலுவலகத்துக்கு நடந்தவர்களை எனக்குத் தெரியும். அதுவும் போக, பிஎஃப் சம்பளம் அதிகமுள்ளவர்களுக்கு ஒரு மாதப் பணம் என்பது பல ஆயிரம்.

சரி, மெயில்ல என்னதான் எழுதணும்?

மனிதவளப் பிரிவுக்கு அல்ல, பிஎஃப் ரிட்டர்ன் போடும் ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் அது கணக்குப் பிரிவு. சில கம்பெனிகள் சம்பள வேலையை வெளி ஏஜென்சியிடம் கொடுத்திருக்கும். உங்கள் பழைய சம்பளச் சீட்டு எந்த முகவரியிலிருந்து வந்ததோ, அதற்குப் போடுவது நல்ல ஆரம்பம். கம்பெனி மெயில் முகவரி மூடியிருக்கும் என்பதால் சொந்த முகவரியிலிருந்து எழுதுவீர்கள். நீங்கள்தான் என்று நம்புவதற்குப் பணியாளர் எண் அவசியம். மேலே சொன்ன கணக்குக்கு ஏற்ப ஒரு மாதிரி:

> பொருள்: பிஎஃப் – 2024 நவம்பர் பங்களிப்பும் வெளியேறிய தேதியும் – பணியாளர் எண் …, யுஏஎன் …
>
> வணக்கம்.
>
> நான் 2016 ஜூன் முதல் 2024 நவம்பர் 12 வரை நம் கம்பெனியில் வேலை பார்த்தேன். என் பழைய பிஎஃப் உறுப்பினர் எண் … . புதிய வேலைக்குப் பிஎஃப்-ஐ மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு முன் உங்கள் பக்கத்தில் இரண்டு வேலை மீதமிருக்கிறது.
>
> முதலாவது, செட்டில்மென்ட்டில் நவம்பர் 12 நாளுக்கு 720 ரூபாய் பிஎஃப் பிடித்திருக்கிறது. பாஸ்புக்கில் அக்டோபர் வரைதான் வந்திருக்கிறது. நவம்பருக்கான துணை ரிட்டர்ன் போட்டுத் தர வேண்டுகிறேன்.
>
> இரண்டாவது, அந்தப் பணம் பாஸ்புக்கில் வந்ததும், ரிலீவிங் கடிதத்தில் உள்ளபடி வெளியேறிய தேதியை 12-11-2024 என்று பதிந்து தர வேண்டுகிறேன்.
>
> செட்டில்மென்ட் தாள், ரிலீவிங் கடிதம், பாஸ்புக் மூன்றையும் இணைத்திருக்கிறேன். இது யார் பார்க்கும் வேலை என்று சொன்னால் அவரிடமே பேசிக்கொள்கிறேன்.
>
> நன்றி.

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை போதும். இதைப் படிக்கும் கணக்கர் உங்களைத் திரும்பக் கேட்க எதுவும் இல்லை, அதுதான் முக்கியம். பத்து வருஷ சம்பளச் சீட்டையெல்லாம் இணைக்காதீர்கள். ஆதார் ஓடிபி, உறுப்பினர் தளக் கடவுச்சொல் இரண்டையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதலாளி பக்கத்து வேலைக்கு அவை தேவையே இல்லை, அவர்களுக்குத் தனி லாகின் இருக்கிறது.

மெயில் போட்டு மூணு வாரம் ஆச்சு. ஒரு பதிலும் இல்லை. வேணும்னே பண்றாங்களா?

பெரும்பாலும் இல்லை. முதலாளி லாகினில் முக்கியமான ஒப்புதல்களுக்கு டிஜிட்டல் கையெழுத்தோ இ-சைனோ வேண்டும். கையெழுத்து யார் பெயரில் இருந்ததோ அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அல்லது அதன் காலம் முடிந்திருக்கும். புதிதாக எடுத்து, பதிவு செய்து, அனுமதி வரும்வரை ஒருவருக்கும் எதுவும் நகராது. இதைப் பழைய ஊழியரிடம் வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்டு "பிராசஸில் இருக்கிறது" என்று எழுதிவிடுவோம். அதனால் "எப்போது முடியும்" என்று கேட்பதைவிட "டிஜிட்டல் கையெழுத்தில் ஏதாவது தடையா" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான பதில் வர வாய்ப்பு அதிகம்.

நாளையும் பார்த்துக் கூப்பிடுங்கள். மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து 15-ஆம் தேதி வரை ரிட்டர்ன் வேலை தலைக்கு மேல் இருக்கும். மாதக் கடைசியில் சம்பள வேலை. 16-க்கும் 24-க்கும் நடுவில் போன் செய்தால் பொறுமையாகப் பேசுவார்கள். "சார், நான் அனுப்பின மெயிலில் பொருள் வரியில் என் பணியாளர் எண் இருக்கு, ஒரு நிமிஷம் திறந்து பார்க்க முடியுமா" என்று போனிலேயே திறக்க வைப்பது, ஐந்து நினைவூட்டல் மெயிலுக்குச் சமம்.

ஒரு மாதத்துக்கு மேலும் அசைவே இல்லையென்றால் epfigms.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். அது உங்கள் பழைய கம்பெனி எந்த பிஎஃப் அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே போக வேண்டும். உறுப்பினர் எண்ணின் முதல் ஐந்து எழுத்திலேயே அலுவலகம் தெரியும், TNMAS என்றால் சென்னை. புகாரில் கோபத்தைக் கொட்டாமல், மேலே உள்ள மெயிலின் இரண்டு பத்தியையும் அனுப்பிய தேதிகளையும் போட்டால் போதும். பிடித்த பணத்தைக் கட்டவில்லை என்ற வரிக்கு இபிஎஃப்ஓவில் தனி மதிப்பு உண்டு, அது அவர்களுக்கு வர வேண்டிய பாக்கி.

நோட்டீஸ் பீரியட் பணம் கட்டினாத்தான் பிஎஃப் விஷயம் பார்ப்போம்னு சொல்றாங்க. சரியா?

சரியில்லை. உங்கள் பிஎஃப் இருப்பைக் கம்பெனி தன் கடனுக்காகப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. லேப்டாப் திருப்பித் தரவில்லை, நோட்டீஸ் காலத்துக்குப் பணம் பாக்கி என்பதெல்லாம் செட்டில்மென்ட் விவகாரம், தனியாகத் தீர்க்க வேண்டியது. எக்ஸிட் தேதி பதிவதற்கு அவை நிபந்தனை ஆகாது. இதை மரியாதையாக ஒரு வரியில் எழுதிக் கேளுங்கள், எழுத்தில் மறுக்க யாரும் முன்வருவதில்லை. அப்படியும் இழுத்தால், கடைசி மாதப் பணம் வந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு எக்ஸிட் தேதியை நீங்களே போட்டுவிடலாம்.

தேதி போட்டிருக்காங்க, ஆனா தப்பா போட்டிருக்காங்க. புது வேலையில சேர்ந்த தேதிக்கு அப்புறம் வருது.

கணக்குப் பிரிவில் மாதக் கடைசித் தேதியை அப்படியே போட்டுவிடும் பழக்கம் உண்டு, நானும் செய்திருக்கிறேன். 12-ஆம் தேதி போனவருக்கு 30 என்று போட்டால், 18-ஆம் தேதி புது வேலையில் சேர்ந்தவர் 13 நாள் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாக ஆகும். இப்படிச் சேவைக் காலம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் முன்பெல்லாம் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் டிரான்ஸ்ஃபரை நிராகரிக்கக் கூடாது என்று 2025 மே மாதத்தில் இபிஎஃப்ஓ தன் அலுவலகங்களுக்குச் சொல்லிவிட்டது.

ஆகவே சில நாள் பிழைக்காக டிரான்ஸ்ஃபரை நிறுத்தி வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் தப்பாக இருந்தால் ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டுத் திருத்துங்கள். உங்கள் யுஏஎன் 2017 அக்டோபருக்கு முந்தையது என்றால் அதற்குப் பழைய கம்பெனியின் சான்று தேவைப்படும். அப்போது கணக்குப் பிரிவிடம் கேட்க வேண்டியது, தங்கள் லாகினில் வந்திருக்கும் அந்தக் கோரிக்கையை அனுமதிக்கும்படி மட்டுமே. ரிலீவிங் கடிதத்தை இணைத்துவிடுங்கள், அவர்களும் அதைப் பார்த்துத்தான் ஒப்பிடுவார்கள்.

எங்க பழைய கம்பெனி சொந்தமா பிஎஃப் டிரஸ்ட் வச்சிருக்கு. அதுக்கும் இதே வழிதானா?

இல்லை, இங்கே நிஜமாகவே அவர்கள் பணத்தை அனுப்பியாக வேண்டும். டிரஸ்ட் வைத்திருக்கும் கம்பெனியில் பென்ஷன் பங்கு மட்டும் இபிஎஃப்ஓவுக்குப் போகும். பிஎஃப் இருப்பு டிரஸ்ட்டிடம் இருக்கும், அதன் விவரம் டிரஸ்ட் தரும் வருடக் கணக்குத் தாளில்தான் தெரியும்.

விண்ணப்பம் போட்டபின் டிரஸ்ட் இரண்டு காரியம் செய்ய வேண்டும். இருப்பை வட்டியோடு இபிஎஃப்ஓவின் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். கூடவே அனெக்ஷர் கே என்ற விவரத் தாளை அனுப்ப வேண்டும். உங்கள் பங்கு எவ்வளவு, கம்பெனி பங்கு எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை சேவை, சம்பளமில்லாத நாள்கள் எத்தனை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பணம் போய், தாள் போகாவிட்டால், அது யாருடைய பணம் என்று தெரியாமல் அங்கே நிற்கும். டிரஸ்ட் "அனுப்பிவிட்டோம்" என்று சொல்லும், இபிஎஃப்ஓ "வரவில்லை" என்று சொல்லும், இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

அதனால் டிரஸ்ட்டைப் பார்க்கும் கணக்கரிடம் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பணம் அனுப்பிய தேதியும் தொகையும், வங்கிப் பரிமாற்றத்தின் யுடிஆர் எண், அனெக்ஷர் கே-யின் நகல். இந்த மூன்றும் கையில் இருந்தால் பிஎஃப் அலுவலகத்தில் தேடிப் பிடிப்பது சுலபம். நகல் வந்ததும் சேவைத் தேதிகளை ஒரு முறை சரிபாருங்கள். தேதி தவறானால் பின்னாளில் பென்ஷன் கணக்கிலும் அது தவறாகவே நிற்கும்.

விண்ணப்பத்துல முந்தைய முதலாளியா, இப்போதைய முதலாளியான்னு கேக்குது. எதைத் தேர்ந்தெடுக்க?

Online Services → One Member – One EPF Account (Transfer Request) பக்கத்தில் அந்தக் கேள்வி வந்தால், சாதாரணமாக இப்போதைய கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் தினமும் போகும் இடம், கணக்கரை நேரில் பார்த்துச் சொல்லலாம். பழைய கம்பெனி மூடிவிட்டது என்றாலும் இதுவே வழி. அப்புறம் Track Claim Status-இல் பாருங்கள். விண்ணப்பம் முதலாளியிடம் நிற்கிறதா, பிஎஃப் அலுவலகத்தில் நிற்கிறதா என்று அங்கே தெரியும். அலுவலகத்துக்குப் போன பிறகும் பழைய கணக்கரைத் துரத்திப் பயனில்லை, அவரிடம் அப்போது செய்ய எதுவும் இருக்காது. அலுவலகத்துக்கு 20 நாள் அவகாசம் என்பது விதி.

டிரான்ஸ்ஃபர் முடிஞ்சது. ஆனா புது பாஸ்புக்ல பென்ஷன் பகுதி சைபர்னு காட்டுது. பழைய கம்பெனி அதை அனுப்பலையா?

பயப்பட வேண்டாம். டிரான்ஸ்ஃபரில் நகர்வது உங்கள் பங்கும் கம்பெனியின் பிஎஃப் பங்கும் அவற்றின் வட்டியும்தான். மேலே சொன்ன பெண்ணுக்கு மாதம் 1,250 என்று போன பணம் பொதுவான பென்ஷன் நிதியில் சேர்ந்துவிட்டது, அது ஆள் ஆளுக்குக் கூடவே நடந்து வராது. நகர்வது சேவைக் காலம், பென்ஷன் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். எனவே பார்க்க வேண்டியது Service History-இல் பழைய சேவை அவர் விஷயத்தில் 2016 ஜூன் முதல் 2024 நவம்பர் 12 வரை முழுதாக நிற்கிறதா என்பதை. நின்றால், பழைய கணக்குப் பிரிவுக்கு ஒரு நன்றி மெயில் போட்டு விடலாம். அப்படிப் போடுகிறவர்கள் குறைவு, அதனால் அவர்கள் பெயர் எங்களுக்கு ஞாபகம் இருக்கும்.